மொத்தமே 80 மில்தான் வாங்கக்கூடியவை, முடிவெடுக்க ஒன்றரை வருடம் ஆகிறது: சோஷியல் மீடியாவில் என்னதான் போடுவது?

கருப்பூர்ப் பட்டறை

வணக்கம். சேலம் கருப்பூர் பக்கம் எங்கள் பட்டறை, அப்பா ஆரம்பித்தது. குச்சிக்கிழங்கு ஸ்டார்ச் மில்களுக்கு ஃப்ளாஷ் ட்ரையரும், ஈர மாவைப் பிழியும் சென்ட்ரிஃபியூஜும் செய்து கொடுக்கிறோம். ஒரு லைன் முழுசாகப் போட்டால் ஒரு கோடிக்குக் கீழே வராது. சேலம், ஆத்தூர், ராசிபுரம், தர்மபுரி, நாமக்கல் எல்லாம் சேர்த்து உண்மையில் வாங்கும் சக்தி உள்ள மில் என்று உட்கார்ந்து எழுதினால் 80 தேறும். வெளிநாட்டில் இருந்து, பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் இருந்து, வருடத்துக்கு ஒன்றிரண்டு விசாரணை வரும்.

ஒரு ஏஜென்சிக்கு மாதம் 40,000 கொடுத்துக்கொண்டிருக்கிறோம். வாரம் மூன்று போஸ்ட், பண்டிகை வாழ்த்து, பட்டறையில் வெல்டிங் தீப்பொறி பறக்கிற ரீல்ஸ் என்று போடுகிறார்கள். ஃபாலோயர் ஏறுகிறது, ஆனால் ஒரு மில் முதலாளிகூட அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டதில்லை. வருகிற மெசேஜ் எல்லாம் "வேலை இருக்கா சார்" அல்லது "விலை எவ்வளவு" என்றுதான். அப்பா நிறுத்து என்கிறார். ஒரேயடியாக நிறுத்துவதும் சரியாகப் படவில்லை, ஏனென்றால் மில்களில் இப்போது அடுத்த தலைமுறை வந்துவிட்டது, அவர்கள் எல்லாவற்றையும் போனில்தான் பார்க்கிறார்கள். இந்த மாதிரித் தொழிலில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், எதைப் போடுவது, எங்கே போடுவது, வேலை செய்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஏற்காடு எஸ்டேட்

எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். நாங்கள் எஸ்டேட் காபியை வறுத்துப் பாக்கெட் போட்டு இன்ஸ்டாகிராமில்தான் விற்கிறோம். காலையில் பனி விலகுவதையும் செடி பூப்பதையும் ரீல்ஸாகப் போட்டால் அன்றைக்கே ஆர்டர் வரும். உங்கள் ஏஜென்சி வெல்டிங்கை மட்டும் காட்டுகிறார்கள் போலிருக்கிறது. அப்பாவைப் பேச வையுங்கள், பட்டறை ஆரம்பித்த கதையைச் சொல்லச் சொல்லுங்கள். மக்களுக்குக் கதை பிடிக்கும். தினமும் ஒன்று போட்டால் ரீச் தானாக ஏறும்.

பிஓ கையில்

எஸ்டேட் மேடம் சொல்வது அவர்கள் சரக்குக்குச் சரி. ஐந்நூறு ரூபாய் பாக்கெட்டைப் பார்த்தவுடன் வாங்கலாம், பிடிக்கவில்லை என்றால் நஷ்டமும் பெரிதில்லை. ஒரு கோடி ரூபாய் ட்ரையரைப் பார்த்தவுடன் யாரும் வாங்குவதில்லை, தப்பாகப் போனால் ஒரு சீசனே போய்விடும். அதனால் இங்கே ரீச் என்பதற்கு வேலையே இல்லை. வாங்கப்போகிற 80 பேரின் பெயரும் போன் நம்பரும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதே. தெரியாத ஆளைத் தேடிப் பிடிக்கத்தான் ரீச் வேண்டும்.

நான் பாய்லர், ஹாட் ஏர் ஜெனரேட்டர் விற்பனையில் வெகுகாலம் இருந்தவன், இப்போது சொந்தமாகச் சில கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்கிறேன். முதலில் ஒரு வேலை செய்யுங்கள். கடைசியாக முடிந்த ஆர்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்த மில்லோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு, ஃபோன், மெயில் எல்லாவற்றையும் பின்னாலிருந்து முன்னால் படித்துப் பாருங்கள். எங்கெங்கே பேச்சு நின்றுபோனது, அப்புறம் எதனால் மறுபடி ஆரம்பித்தது என்று குறித்துக்கொண்டு இங்கே எழுதுங்கள். மில் பெயர் வேண்டாம். நீங்கள் எதைப் போட வேண்டும் என்பது அந்த இடைவெளிகளில்தான் இருக்கும்.

டிஜிட்டல் தம்பி

பிஓ சார் சொல்வது ஒரு பக்கம் சரி. ஆனால் இன்ஸ்டாவை விட்டுவிட்டு லிங்க்ட்இன் பக்கம் போவதுதான் இதற்கு நேரடி வழி. பிடூபி என்றாலே லிங்க்ட்இன்தான். 80 கம்பெனி பெயரையும் ஒரு ஷீட்டில் போட்டு ஏற்றினால் அந்தக் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்டலாம். முதலாளி, பிளான்ட் மேனேஜர், பர்ச்சேஸ் என்று பதவியை வைத்தும் பிரிக்கலாம். மாதம் 40,000 அதற்குத் தாராளம். நான் கோவையில் இரண்டு பம்ப் கம்பெனிக்கு இதைத்தான் செய்கிறேன், விசாரணை வருகிறது.

பிஓ கையில்

தம்பி, பம்புக்குச் சரி. இங்கே இரண்டு இடத்தில் இடிக்கும். லிங்க்ட்இனில் பட்டியல் ஏற்றி விளம்பரம் ஓட்ட அதில் குறைந்தது 300 உறுப்பினர் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் விளம்பரம் ஓடாது. ராசிபுரம் மில்லில் முதலாளி, அவர் மகன், ஒரு கணக்குப்பிள்ளை, ஒரு சூப்பர்வைசர், இரண்டு ஃபிட்டர், இதில் எத்தனை பேர் லிங்க்ட்இனில் இருப்பார்கள்? 80 மில்லையும் கூட்டினால்கூட 300 வராது. வராதபோது எல்லோரும் என்ன செய்கிறார்கள் என்றால் பதவி வடிகட்டியைத் தளர்த்துவார்கள், அல்லது ஆடியன்ஸ் எக்ஸ்பான்ஷன் என்று ஒரு டிக் இருக்கிறதே அதைப் போட்டு விடுவார்கள். அப்புறம் விளம்பரம் அழகாக ஓடும், கிளிக்கும் வரும், பார்த்தது யார் என்று டெமோகிராஃபிக்ஸ் திறந்தால் மாணவர்களும் வேலை தேடுகிறவர்களும் நம்மைப் போலவே விற்கிறவர்களும் இருப்பார்கள்.

லிங்க்ட்இன் அடியோடு வேண்டாம் என்று சொல்லவில்லை. மக்காச்சோள ஸ்டார்ச் செய்கிற பெரிய கம்பெனிகள், ஆப்பிரிக்காவில் பிளான்ட் போட்டுத் தருகிற கன்சல்டன்ட்கள், இவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு விளம்பரம் வேண்டாம், உங்கள் இன்ஜினியர் தன் சொந்தப் பெயரில் எழுதுவது போதும். ஆத்தூர் மில்லுக்கு வழி வேறே.

கருப்பூர்ப் பட்டறை

பிஓ சார், நீங்கள் சொன்ன மாதிரி உட்கார்ந்து படித்தேன். ஆச்சரியமாக இருந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தர்மபுரி பக்கத்து மில். ஒரு ஐப்பசியில் விடாமல் மழை, களத்தில் மாவு காயவில்லை, புளித்து நிறம் போய்விட்டது. அப்போதுதான் முதலாளி முதல் தடவை கூப்பிட்டார். கொட்டேஷன் அனுப்பினோம். மழை நின்றது, பேச்சும் நின்றது. மாசி வரைக்கும் ஒன்றும் இல்லை. அப்புறம் அவருடைய மகன் கூப்பிட்டு விறகுச் செலவு டன்னுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். நாங்கள் ஒரு நம்பர் சொன்னோம், அவர் நம்பவில்லை என்று இப்போது படிக்கும்போது தெரிகிறது. மறுபடி இடைவெளி. சித்திரையில் சூப்பர்வைசரை அழைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார்கள். அந்த சூப்பர்வைசர் கேட்டது ஒரே கேள்விதான், 150 டிகிரி காற்றில் மாவு வெந்து போகாதா என்று. அப்பா வாயால் விளக்கினார். தலையாட்டிவிட்டுப் போனார்கள், மறுபடி பேச்சில்லை. வைகாசியில் வங்கிக்கு வேண்டிய பேப்பர் கேட்டார்கள். ஆடி வந்துவிட்டது, அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள். ஆவணியில் பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது பிஓ, வந்தது. மெஷின் செய்ய நான்கு மாதம், அதற்குள் புரட்டாசியில் மில் ஓட ஆரம்பித்துவிட்டது, ஆக அந்த சீசனில் பாதி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதுவும் எப்படி பிஓ வந்தது என்றால், எங்கள் ட்ரையர் ஏற்கெனவே ஓடுகிற வேறு மில்லின் ஃபிட்டரிடம் இவர்கள் ஃபிட்டர் பேசியிருக்கிறார்.

பிஓ கையில்

பார்த்தீர்களா, உங்களுக்கு ஒரு வருடத்துக்கான திட்டம் இதிலேயே இருக்கிறது.

நான்கு இடைவெளி. ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் ஒரு சந்தேகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், உங்களைக் கேட்கவில்லை. முதலாளிக்கு, இந்த மழைக்காக ஒரு கோடி போடுவதா. மகனுக்கு, விறகுக் கணக்கு உண்மையா. சூப்பர்வைசருக்கு, மாவு கெட்டால் பழி தன் தலையில் விழுமா. ஆடிட்டருக்கும் வங்கிக்கும், இது எத்தனை சீசனில் திரும்பும். இதில் லைக் போடுகிற ஆள் ஒருவர்கூடக் கிடையாது. ஆனால் ஒவ்வொருவரும் ராத்திரி போனில் தேடுவார்கள், யாராவது அனுப்பினால் பார்ப்பார்கள்.

மகன் கேட்ட விறகுக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். டன்னுக்கு இவ்வளவு விறகு என்று முடிந்த நம்பரைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஏனென்றால் எல்லா விற்பனையாளரும் ஒரு நம்பர் சொல்கிறார்கள். அவர் தன் மில்லிலேயே போட்டுப் பார்க்கிற மாதிரி கணக்கைக் கொடுங்கள். 13 சதவீத ஈரத்தில் 1,000 கிலோ காய்ந்த மாவு வேண்டுமென்றால் அதில் கெட்டி மாவு 870 கிலோ. தொட்டியில் தெளிய வைத்து எடுத்த ஈர மாவில் 45 சதவீதம் தண்ணீர் என்றால் உள்ளே 1,582 கிலோ போட வேண்டும், ஆக ட்ரையர் 582 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். அதே மாவை சென்ட்ரிஃபியூஜில் பிழிந்து 36 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 1,359 கிலோ போட்டால் போதும், ஆவியாக்க வேண்டியது 359 கிலோ. டன்னுக்கு 223 கிலோ தண்ணீர் குறைகிறது. விறகு கிட்டத்தட்ட அந்த விகிதத்திலேயே குறையும்.

இதை உங்கள் ஆள் ஒருவர் மில்லில் நின்றுகொண்டு, ஒரு பிடி ஈர மாவைக் கையில் எடுத்து, தராசில் எடை போட்டு, அடுப்பில் காய வைத்து, மறுபடி எடை போட்டு மூன்று நிமிடத்தில் காட்டட்டும். பார்க்கிறவர் நாளைக்குக் காலையில் தன் மில்லிலேயே செய்து பார்ப்பார். அவருடைய மாவில் 47 வந்தால், அந்த 47 உங்கள் கொட்டேஷனைவிட அதிகமாக வேலை செய்யும். உங்களிடம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தக் கணக்கை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்பது அவருக்கு நினைவிருக்கும்.

ஆத்தூர் மில்காரன்

நான் வாங்குகிற பக்கத்தில் இருப்பவன். ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் இரண்டும் ஓட்டுகிறோம். ஒரு விஷயம் முதலில், ஜவ்வரிசி மணியைக் காய வைக்க ஃப்ளாஷ் ட்ரையர் ஆகாது, அது மாவுக்குத்தான். சிலர் விளம்பரத்தில் இரண்டையும் ஒன்றாகக் காட்டுகிறார்கள், அதைப் பார்த்தாலே இவர்களுக்கு எங்கள் தொழில் தெரியாது என்று மூடிவிடுவேன்.

நான் யாரையும் ஃபாலோ பண்ணுவதில்லை. லைக்கும் போட மாட்டேன், போட்டால் அவ்வளவுதான், சேகோசர்வ் ஏலத்துக்குப் போனால் பத்து பேர் கேட்பார்கள், என்ன மெஷின் மாற்றுகிறீர்களா என்று. ஆனால் யூடியூப் பார்ப்பேன், நிறையவே பார்ப்பேன். பளபளவென்று பாலிஷ் போட்ட புது மெஷினைப் பார்த்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. மூன்று சீசன் ஓடின மெஷினைத் திறந்து காட்டுங்கள். சைக்ளோன் உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஃபேன் இம்பெல்லரில் மாவு எப்படி ஒட்டியிருக்கிறது, எந்த பேரிங் போனது, மாற்ற எவ்வளவு நேரம் ஆனது. அதைக் காட்டுகிறவனை நம்புவேன்.

இன்னொன்று. இதைக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். ஒரு சப்ளையர் எங்கள் மில்லில் மெஷின் இறக்கியபோது வீடியோ எடுத்து, மில் பெயர்ப்பலகையோடு போட்டுவிட்டார். எங்கள் வங்கிக் கடன் அப்போது முழுசாகக் கைக்கு வரவில்லை. மறுநாளே கிழங்கு புரோக்கர் கூப்பிட்டு, பெரிசாகப் பண்ணுகிறீர்கள், கிழங்கு நிறைய வேண்டியிருக்குமே என்று விலையை ஏற்றிப் பேசுகிறார். அந்த சப்ளையரிடம் அடுத்த ஆர்டர் போகவில்லை.

பிஓ கையில்

இதைத்தான் எழுத நினைத்துக்கொண்டிருந்தேன், ஆத்தூர் அண்ணன் நேரில் பட்டதைச் சொல்லிவிட்டார். 80 பேர் இருக்கிற சந்தையில் வாடிக்கையாளர் பெயரை வெளியே போடுவது இரண்டு வகையில் அடிக்கும். அவருக்கு அடிப்பதை அவர் சொன்னார். உங்களுக்கு அடிப்பது என்னவென்றால், லாரியில் ஏற்றி மாலை போட்டு "இன்னாருக்கு அனுப்பினோம்" என்று போட்டால் போட்டிக் கம்பெனிக்கு உங்கள் வாடிக்கையாளர் பட்டியலை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. உதிரி பாகத்துக்கும் அடுத்த லைனுக்கும் அவன் நேராகப் போய் நிற்பான்.

நான் சொல்கிற முறை இது. பிஓவிலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள், படம் எடுக்கலாமா, மில் பெயர் சொல்லலாமா, எப்போது வெளியிடலாம் என்று. பெயர் வேண்டாம் என்பார்கள், பெயர் இல்லாமலே எடுங்கள். பெர்ஃபார்மன்ஸ் டெஸ்ட் முடிந்து அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே போக வேண்டும், ஏனென்றால் டெஸ்டில் சிக்கல் வந்தால் அந்த வீடியோவே அவர் கையில் உங்களுக்கு எதிரான ஆதாரமாகிவிடும். கண்ட்ரோல் பேனல் திரை தெரியக்கூடாது, அதில் அவருடைய உற்பத்தி அளவு ஓடிக்கொண்டிருக்கும். சுவரில் உள்ள போர்டு, மூட்டையில் அடித்த பிராண்ட், லாரி நம்பர், இதையெல்லாம் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

ஏற்காடு எஸ்டேட்

நான் கேள்வியை வேறு மாதிரி புரிந்துகொண்டேன் என்று இப்போது தெரிகிறது. ஆனால் இதைப் படிக்கும்போது ஒன்று தோன்றுகிறது. எங்களிடம் பச்சைக் கொட்டையாக மூட்டைக்கணக்கில் வாங்குகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் பனி ரீல்ஸைப் பார்த்து வரவில்லை. ஒவ்வொரு லாட்டுக்கும் ஈரப்பதம் எவ்வளவு, காய்ந்தது எத்தனை நாள், மழை எப்போது பெய்தது என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருப்போம், அவர்கள் பதில்கூடப் போட மாட்டார்கள். அடுத்த அறுவடைக்கு அவர்களே கூப்பிடுவார்கள். நீங்கள் சொல்வது அந்த மாதிரி என்று நினைக்கிறேன்.

பிஓ கையில்

அதேதான் மேடம். பதில் வராத அந்தக் காலம்தான் இந்தத் தொழிலில் வேலை நடக்கிற காலம்.

கமிஷனிங் கை

நான் ட்ரையர் கமிஷனிங் வேலை பார்க்கிறவன், வேறு கம்பெனி. அந்த சூப்பர்வைசர் கேள்வி எல்லா மில்லிலும் வரும். 150 டிகிரி காற்று என்றால் மாவு 150 டிகிரிக்குப் போகும் என்று நினைக்கிறார்கள். மாவு குழாயில் இருப்பது சில விநாடிதான், அதில் உள்ள தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கிற வரைக்கும் மாவு சூடு ஏறாது, வெளியே வருகிற காற்று 55, 60 டிகிரியில்தான் இருக்கும். மாவு கெடுவது எப்போது என்றால் ஃபீடு நின்றுபோய் சூட்டுக் காற்று மட்டும் ஓடும்போது. உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிற மாவு கருகி, அடுத்து வருகிற நல்ல மாவில் கறுப்புப் புள்ளியாக விழும். ஸ்டார்ச் தூசி வெடிக்கக்கூடியது வேறு, ஆகவே அது சும்மா நிறம் போகிற சமாசாரம் மட்டும் இல்லை.

இதை வாயால் சொன்னால் சூப்பர்வைசர் தலையாட்டுவார், நம்ப மாட்டார். வெளிக்காற்றுத் தெர்மாமீட்டரையும் ஃபீடரையும் ஒரே ஃபிரேமில் வைத்து, ஃபீடைக் குறைத்தால் டிகிரி ஏறுவதையும், அலாரம் அடித்து டேம்பர் மூடுவதையும் காட்டினால் நம்புவார். எடுக்கும்போது ஒன்று கவனியுங்கள், ஃபேன் சத்தத்தில் நீங்கள் பேசுவது ஒன்றும் கேட்காது. படத்தை அங்கே எடுத்துவிட்டு குரலை அறையில் உட்கார்ந்து பதிவு செய்து சேருங்கள். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று.

கருப்பூர்ப் பட்டறை

ரொம்ப நன்றி அண்ணே, இது எனக்குப் புரிகிறது. அப்படியென்றால் ஐப்பசி, கார்த்திகையில் மழையில் மாவு புளிக்கிற விஷயம், மாசியில் விறகுக் கணக்கு, பங்குனியில் சீசன் முடிந்து திறந்த மெஷின், சித்திரையில் அந்தத் தெர்மாமீட்டர் வீடியோ, இப்படி மாதத்துக்கு ஒன்றுதான் போட வேண்டுமா? ஏஜென்சி ஆட்கள் அடிக்கடி போடாவிட்டால் பக்கம் செத்துவிடும் என்கிறார்கள். அப்புறம் இதை எங்கே போடுவது, யூடியூபா வாட்ஸ்அப்பா?

பிஓ கையில்

பக்கம் செத்தால் சாகட்டும், 80 மில் உங்களைத் தேடும்போது கிடைத்தால் போதும். மாதத்துக்கு ஒன்று தாராளம், ஆனால் அந்த ஒன்று சரியான மாதத்தில் வர வேண்டும். ஆடிக்கு முன்னால் அட்வான்ஸ் வாங்க வேண்டும் என்பதுதான் உங்களுடைய கணக்கு. நான்கு மாத ஃபேப்ரிகேஷனைப் பின்னால் இருந்து எண்ணினால் சித்திரையிலேயே முடிவு ஆக வேண்டும். ஆக சூப்பர்வைசர் சந்தேகம் சித்திரையில் வருவதே தாமதம். தெர்மாமீட்டர் வீடியோவைத் தை மாதம் மில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்து அனுப்பிவிடுங்கள், அப்போதுதான் அவர்கள் கண் முன்னால் மாவும் இருக்கும். வங்கிக்கு வேண்டிய பேப்பரையும் யாரும் கேட்கும்வரை காத்திருக்காமல் மாசியிலேயே தயாராக வையுங்கள்.

இடம் பற்றி. யூடியூபில் பொதுவாக ஒன்று ஏற்றுங்கள், தலைப்பு அந்த சூப்பர்வைசர் கேட்ட கேள்வியாகவே இருக்கட்டும், ஆங்கிலத்தில் ஏற்றுவதற்குக் குச்சிக்கிழங்கைக் குறிக்கும் கசாவா என்கிற சொல்லும் சேர வேண்டும், வெளிநாட்டில் அப்படித்தான் தேடுகிறார்கள். அப்புறம் கொட்டேஷன் போய்க் காத்திருக்கிற நான்கைந்து மில்லுக்கு அதே வீடியோவைத் தனித்தனியாக அன்லிஸ்டட் ஆக ஏற்றி, ஒவ்வொருவருக்கும் அவர் லிங்கை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வீடியோவாகவே அனுப்பினால் யார் பார்த்தார்கள் என்று தெரியாது. லிங்க் என்றால், மகனுக்கு அனுப்பியது மூன்று வ்யூவில் இருந்து ஒரு வாரத்தில் பதினைந்துக்குப் போனால், மில்லுக்குள்ளே கை மாறியிருக்கிறது என்று அர்த்தம். யார் யார் என்று தெரியாது, ஆனால் அந்த வாரம் ஃபோன் செய்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். அதற்காக, வீடியோ பார்த்தீர்களே என்று ஆரம்பித்துவிடாதீர்கள், வேவு பார்க்கிற மாதிரி ஆகிவிடும்.

வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு ஷீட் போதும். இடது பக்கம் 80 மில், ஒவ்வொன்றிலும் முதலாளி, மகன், சூப்பர்வைசர், ஃபிட்டர். ஒவ்வொரு மாதமும் யார் என்ன கேட்டார் என்று ஒரு வரி. நல்ல அறிகுறி என்னவென்றால் கேள்வி மாறும். "விலை என்ன" என்று கேட்டுக்கொண்டிருந்த மில், "எங்கள் மாவு 44 சதவீதம் வருகிறது, அதற்கு எந்த சைஸ்" என்று கேட்கும். ஆறு மாதம் ஆகியும் ஷீட்டில் ஒரே மாதிரி விலைக் கேள்விதான் என்றால் நீங்கள் தவறான சந்தேகத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முதல் வருடம் இதனால் வந்தது என்று எந்த ஆர்டரையும் காட்ட முடியாது. ஒன்றரை வருடச் சுற்றில் ஒரு வருடத்துக் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

டிஜிட்டல் தம்பி

300 விஷயம் ஒத்துக்கொள்கிறேன், ஆப்பிரிக்கா கன்சல்டன்ட்களையும் மக்காச்சோளக் கம்பெனிகளையும் சேர்த்தால் அந்த எண்ணிக்கை வரும், அதற்குத் தனியாக ஒரு சின்ன பட்ஜெட் வைக்கலாம் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஒரு வீடியோவை அவர்கள் கண்ணில் படவாவது வைக்க வேண்டுமே. இன்ஜினியர் எழுதுவார் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டார், நான் பார்த்த வரைக்கும் இரண்டு போஸ்ட்டோடு நிற்கும்.

பிஓ கையில்

எழுத மாட்டார்தான், அதனால் எழுதச் சொல்லாதீர்கள். சைட்டில் இருந்து வரும்போது வண்டியில் இரண்டு நிமிடம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள், இன்றைக்கு அங்கே என்ன கேட்டார்கள், என்ன செய்தீர்கள் என்று. பட்டறையில் ஒருவர் அதை எழுதி, அவரிடம் காட்டி, அவர் பெயரில் போடட்டும். விளம்பரம் பற்றி, அந்த இரண்டு கூட்டத்துக்கு மட்டும், எக்ஸ்பான்ஷன் டிக்கை எடுத்துவிட்டு, மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள், நான் தடுக்கவில்லை. டெமோகிராஃபிக்ஸில் கம்பெனி பெயர்களைப் பாருங்கள், கிளிக்கைப் பார்க்காதீர்கள்.

கமிஷனிங் கை

அவர் பெயரில் போடலாம் என்கிறீர்கள். எங்கள் கம்பெனியில் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். என் பெயரில் நாலு வீடியோ வந்ததும் மில்காரர்கள் நேராக என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள், ஞாயிற்றுக்கிழமைகூட. அதற்கு ஒரு ரூபாய் சேர்த்துக் கொடுக்கவில்லை. அப்புறம் போட்டிக் கம்பெனியும் கூப்பிட்டது. நான் போகவில்லை, ஆனால் என்னோடு இருந்தவர் போய்விட்டார், அவரோடு அத்தனை கனெக்ஷனும் போய்விட்டது. இதற்கு என்ன செய்வது?

கருப்பூர்ப் பட்டறை

இதைத்தான் அப்பாவும் கேட்பார். கம்பெனி பக்கத்திலேயே போட்டால் என்ன?

பிஓ கையில்

கம்பெனி பக்கத்தில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள், ஆள் பெயரில் போட்டால் ஆள் போகும்போது போகும். இரண்டும் உண்மை. நான் வழக்கமாகச் சொல்வது, வீடியோ எல்லாம் கம்பெனி யூடியூபில், எழுதுவது மட்டும் ஆள் பெயரில், அந்த ஆளுக்கு அழைப்புக்கு என்று தனியாகப் படி. கூடவே அப்பாவையோ உங்களையோ இரண்டாவது ஆளாக வையுங்கள். அப்படி இருந்தும் ஒரு தடவை ஒரு கம்பெனியில் ஆள் போய்விட்டார். முழுத் தீர்வு என்னிடம் இல்லை.

ஆத்தூர் மில்காரன்

வாங்குகிறவனாகச் சொல்கிறேன், எனக்கு ஃபிட்டர் முகம் தெரிய வேண்டும். மெஷின் ராத்திரி இரண்டு மணிக்கு நின்றால் கம்பெனி லோகோவைக் கூப்பிட முடியாது. அவர் வேறு கம்பெனிக்குப் போனால் அவரை அங்கேயும் கூப்பிடுவேன், அதை மறைக்க விரும்பவில்லை. ஆள் போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

கருப்பூர்த் தம்பி, அந்த எடை போட்டுக் காய வைக்கிற வீடியோவை எடுக்கும்போது அடுப்பில் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும், அதிக சூட்டில் மாவு வெந்து கட்டி பிடித்தால் எடை தப்பாக வருமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் பையன்கள் அங்கேதான் தப்பு செய்வார்கள்.

கமிஷனிங் கை

ஆமாம், ஈர மாவை அப்படியே சூட்டில் வைத்தால் மேலே வெந்து தோல் மாதிரி மூடிக்கொள்ளும், உள்ளே ஈரம் நின்றுவிடும், 45 இருக்க வேண்டியது 40 என்று காட்டும். மெல்லிசாகப் பரப்பி முதலில் குறைந்த சூட்டில் மேலீரம் போக விட்டு, அப்புறம் 105 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும் வரைக்கும் வையுங்கள். கேஸ் அடுப்பில் வாணலியில் வைத்துக் காட்டாதீர்கள், சின்ன அவன் ஒன்று வாங்கிவிடுங்கள்.